வெள்ளிக்கிழமை வண்டி சனிக்கிழமை வரும்

ரயில் கால அட்டவணையில் ஒரு வரியைப் பார்க்கிறீர்கள். வண்டியின் பெயருக்கு எதிரே ‘வெள்ளி’ என்று போட்டிருக்கிறது. உங்கள் ஊருக்கு எதிரே 03:50 என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதிகாலை 3:50-க்கு நிலையத்தில் போய் நின்றால் வண்டி வராது. அது வருவது சனிக்கிழமை அதிகாலை. அட்டவணையில் அச்சுப்பிழை ஏதும் இல்லை. வெள்ளி என்பதும் சரி, 03:50 என்பதும் சரி. இரண்டையும் சேர்த்து ‘வெள்ளி 03:50’ என்று படித்ததுதான் தவறு. அந்த நாள் வண்டி கிளம்பிய ஊருக்கு உரியது, அந்த நேரம் உங்கள் ஊருக்கு உரியது.

இரவு வண்டிகளில் நடக்கும் தேதிக் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. ‘ஓடும் நாட்கள்’ என்று அட்டவணை சொல்வது, வண்டி முதல் நிலையத்தை விட்டுக் கிளம்பும் நாளை. நடுவழியில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் கிழமையைத் தனித்தனியாக எழுதினால் அட்டவணை புத்தகமாகப் பெருத்துவிடும். அதனால் கிளம்பும் கிழமையை ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் மணியை மட்டும் தருகிறார்கள். இணையத்தில் ஒரு வண்டியின் முழுத் தடத்தைத் திறந்தால் வருகை, புறப்பாடு நேரங்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று சிறிய எண்கள் ஓடும் ஒரு பத்தி இருக்கும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. வண்டி கிளம்பியதிலிருந்து இது எத்தனையாவது நாள் என்பதை அது சொல்கிறது. விடை முழுவதும் அந்தப் பத்தியில் இருக்கிறது.

ஒரு வண்டியை எடுத்து நடத்திப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க நேரங்களை நானே வைத்துக்கொள்கிறேன். தடம் எல்லோருக்கும் தெரிந்த தடம்தான். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, சென்னை எழும்பூரில் 22:50-க்குக் கிளம்புகிறது. விழுப்புரத்துக்கு 01:08-க்கு வந்து 01:10-க்குப் புறப்படுகிறது. திருச்சியில் 03:45, 03:50. மதுரையில் 06:10, 06:15. நாகர்கோவிலில் 11:00-க்குப் பயணம் முடிகிறது.

நேரங்களை மேலிருந்து கீழாக வாசியுங்கள். 22-க்குப் பிறகு 23 வரலாம். ஆனால் இங்கே திடீரென்று 01 வந்துவிட்டது. எண் குறைந்த இடத்தில் வண்டி நள்ளிரவைத் தாண்டியிருக்கிறது. நாள் எண் இல்லாத பழைய அச்சு அட்டவணையிலும் இந்த ஒரு அடையாளம் போதும். மேலிருந்து கீழே வரும்போது நேரம் எத்தனை தடவை பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு விழுகிறதோ, அத்தனை நள்ளிரவுகள் கடந்துவிட்டன. எழும்பூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் ஒரு விழுதல். அதற்குப் பிறகு நாகர்கோவில் வரை எண் ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆகவே எழும்பூர் முதல் நாள், மற்ற எல்லா ஊர்களும் இரண்டாம் நாள். கிளம்புவது 14-ஆம் தேதி வெள்ளி என்றால், திருச்சிக்காரருக்கு இது 15-ஆம் தேதி சனிக்கிழமை வண்டி.

இருபத்துநான்கு மணி முறை இல்லாவிட்டால் இந்த விழுதல் கண்ணில் படாது. பன்னிரண்டு மணி முறையில் 10:50, 1:08, 3:45, 6:10, 11:00 என்று வரும். மதியம் ஒரு மணிக்குப் பிறகும் எண் விழும், நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகும் விழும். எந்த விழுதல் நாளை மாற்றியது என்பதை முற்பகல், பிற்பகல் என்ற ஒட்டுச் சொற்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒட்டில் பிழை நேர்ந்தால் பயணமே போய்விடும். கனடாவின் ரயில் பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங்குக்கு அப்படி ஆயிற்று. 1876-இல் அயர்லாந்தில், அட்டவணையில் முற்பகலும் பிற்பகலும் மாறி அச்சானதால், அவர் வண்டியைத் தவறவிட்டு இரவெல்லாம் காத்திருந்தார். இருபத்துநான்கு மணிக் கடிகாரத்துக்காகவும் உலகம் முழுவதற்குமான நேர ஒழுங்குக்காகவும் அவர் பிறகு விடாமல் வாதாடினார். நாளுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் எண் விழ வேண்டும், அது நள்ளிரவாக இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில், எண்ணே நாள் மாறியதைச் சொல்லிவிடுகிறது. 12:15 என்றால் மதியம் மட்டுமே. நள்ளிரவு தாண்டிய பதினைந்தாவது நிமிடம் 00:15.

பயண நேரம் கணக்கிடவும் இது உதவும். எழும்பூர் 22:50, நாகர்கோவில் மறுநாள் 11:00. நள்ளிரவு ஒன்றைக் கடந்ததால் 11:00-உடன் 24-ஐக் கூட்டுங்கள்: 35:00. அதிலிருந்து 22:50-ஐக் கழித்தால் 12 மணி 10 நிமிடம். இரண்டு நள்ளிரவுகள் கடந்தால் 48-ஐக் கூட்ட வேண்டும். திருச்சியில் ஏறுகிறவருக்குக் கூட்டல் எதுவும் தேவையில்லை. 03:50-இலிருந்து 11:00 வரை ஒரே நாள், 7 மணி 10 நிமிடம்.

35:00 என்றொரு மணி எந்தக் கடிகாரத்திலும் கிடையாது. ஆனால் கணினிகள் படிக்கும் அட்டவணைகளில் அது உண்மையிலேயே எழுதப்படுகிறது. பேருந்து, ரயில் நேரங்களைச் செயலிகளுக்குக் கொடுக்க உலகெங்கும் பல போக்குவரத்து அமைப்புகள் ஜி.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. நம்முடைய வண்டியை அதில் எழுதினால் இப்படி இருக்கும்:

```
trip_id,arrival_time,departure_time,stop_id,stop_sequence
T1,22:50:00,22:50:00,MS,1
T1,25:08:00,25:10:00,VM,2
T1,27:45:00,27:50:00,TPJ,3
T1,30:10:00,30:15:00,MDU,4
T1,35:00:00,35:00:00,NCJ,5
```

MS எழும்பூர், VM விழுப்புரம், TPJ திருச்சி, MDU மதுரை, NCJ நாகர்கோவில். திருச்சியின் 03:50 இங்கே 27:50 ஆகிவிட்டது. கடிகாரம் நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. வண்டியின் நாள் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமையின் 27:50 என்று சொன்னால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஜப்பானில் பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு 25 மணி என்று நேரம் போடுவதும் இதே எண்ணத்தில்தான்: பார்க்கிறவர் இன்னும் தூங்கப் போகவில்லை, அவருக்கு நாள் முடியவில்லை.

நமக்கு இது புதிதல்ல. பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை நீள்கிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். உதயத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் நள்ளிரவில் எதுவும் உடையாது. வெள்ளிக்கிழமை உதயம் காலை 6:00 என்று வைத்துக்கொண்டால், நம் வண்டி திருச்சியில் கிளம்பும் 03:50 என்பது உதயத்திலிருந்து 21 மணி 50 நிமிடம், அதாவது 54 நாழிகை 35 விநாழிகை. பஞ்சாங்கக் கணக்கில் அது இன்னும் வெள்ளிக்கிழமைதான். செயலிக் கோப்பின் 27:50-உம் பஞ்சாங்கத்தின் 54 நாழிகையும் நள்ளிரவைப் பொருட்படுத்தாமல் எண்ணிக்கையைத் தொடர்கின்றன. தொடங்கும் புள்ளி மட்டுமே வேறு.

நம் பேச்சும் அந்தக் கணக்கிலேயே நிற்கிறது. “வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ரயில்” என்று வீட்டில் சொன்னால், வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, நள்ளிரவு தாண்டிப் பிடிக்கும் வண்டி என்று எல்லோருக்கும் புரியும். முன்பதிவுப் படிவத்துக்கு அது புரியாது. அதற்கு வெள்ளிக்கிழமை இரண்டு மணி என்றால் வெள்ளி தொடங்கி இரண்டு மணி நேரம் ஆன பொழுது. அதாவது நாம் வியாழக்கிழமை ராத்திரி என்று சொல்லும் பொழுது. மனிதருக்கு உறக்கமோ உதயமோ நாளைப் பிரிக்கிறது, டிக்கெட்டுக்கு 00:00 பிரிக்கிறது. இரவில் பயணம் செய்கிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

வாராந்தர வண்டியில் இந்தத் தவறு சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமை தேதி போட்டுத் தேடினால் வண்டியே காட்டாது. ஏதோ சரியில்லை என்று ஆள் விழித்துக்கொள்வார். தினசரி வண்டிதான் ஆபத்து. எழும்பூரிலிருந்து மதுரைக்கு நாள்தோறும் ஓடும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி, நள்ளிரவு தாண்டித் திருச்சியைத் தொட்டு, விடிகாலையில் மதுரை சேர்கிறது. திருச்சியில் ஏறுகிறவர் எந்தத் தேதி போட்டாலும் இடம் காட்டும், டிக்கெட் தந்துவிடும். வெள்ளி இரவு கிளம்பும் எண்ணத்தில் 14-ஆம் தேதி என்று போட்டவருக்குக் கிடைப்பது, வியாழன் இரவு சென்னையில் கிளம்பிய வண்டியின் இருக்கை. அவர் வெள்ளி நள்ளிரவு தாண்டிப் பெட்டியோடு வந்து நிற்கும்போது, வண்டி எண் சரி, பெட்டி எண் சரி, படுக்கை எண்ணும் சரி. அந்தப் படுக்கையில் வேறொருவர் படுத்திருப்பார். அவர் டிக்கெட்டும் சரியானது. இவருடைய வண்டி முந்தின நாளே போய்விட்டது. டிக்கெட் பரிசோதகரின் கணக்கில் இவர் டிக்கெட் இல்லாத பயணி. இதில் யாரையும் கடிந்துகொள்ள முடியாது என்பதுதான் இந்தத் தவறின் வேதனை.

இதனால் வண்டி எண் மட்டும் ஒரு வண்டியை அடையாளம் காட்டப் போதாது. சென்னை சென்ட்ரலிலிருந்து புது டெல்லி செல்லும் 12621 தமிழ்நாடு எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணி அளவில் கிளம்பி மூன்றாம் நாள் காலையில் டெல்லி சேர்கிறது. ஒரு நாளுக்கும் மேற்பட்ட ஓட்டம், தினமும் உண்டு. செவ்வாய் இரவு ஒரு வண்டி சென்னையை விட்டுக் கிளம்பும்போது, திங்கள் இரவு கிளம்பியது இன்னும் டெல்லியை எட்டியிருக்காது. புதன் அதிகாலை ஒரு மணிக்குத் தண்டவாளத்தில் இரண்டு 12621 ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று தெற்கே, ஒன்று வெகு வடக்கே. இரண்டையும் பிரிப்பது கிளம்பிய தேதி ஒன்றுதான். ரயில்வேயின் ஓட்ட விவரத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்ததும், அது எந்தத் தேதியில் கிளம்பிய வண்டி என்று பிரித்துக் காட்டுவது இதற்காகத்தான். அங்கே தவறான தேதியைத் தொட்டால், வண்டி ஏற்கெனவே போய்விட்டதாகவோ இன்னும் கிளம்பவே இல்லை என்றோ காட்டிப் பதற வைக்கும். வட இந்தியாவின் குளிர்காலப் பனிமூட்டத்தில் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும்போது இந்தத் தேதி இன்னும் முக்கியமாகிறது. நேற்று வர வேண்டியது இன்று வந்து நிற்கலாம். உங்கள் டிக்கெட் எந்தத் தேதியில் கிளம்பிய வண்டிக்கு உரியதோ அதில்தான் உங்கள் படுக்கை இருக்கும். தாமதத்தால் டிக்கெட்டின் தேதியும் மாறாது. 23:50-க்கு வர வேண்டிய வண்டி 00:20-க்கு வந்தால் நாட்காட்டி மாறியிருக்கும், அவ்வளவுதான். வண்டி அதே வண்டி, டிக்கெட் அதே டிக்கெட்.

நள்ளிரவை ஒட்டி நிற்கும் நிலையங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. ஒரு வண்டி 23:58-க்கு வந்து 00:03-க்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். வருகை முதல் நாள், புறப்பாடு இரண்டாம் நாள். அந்த ஊரில் இறங்குகிறவருக்கு ஒரு தேதி, ஏறுகிறவருக்கு அடுத்த தேதி. இருவரும் ஒரே பிளாட்பாரத்தில் எதிரெதிரே கடந்துபோகிறார்கள். பயணத் தேதி என்பது ஏறும் நிலையத்தின் புறப்பாட்டைப் பொறுத்தது. புதிய கால அட்டவணை வரும்போது இந்த ஊர்களைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். புறப்பாடு 00:05-இலிருந்து 23:55-க்கு நகர்ந்தால் மாறியது பத்தே நிமிடம்; ஆனால் அந்த ஊர்க்காரருக்கு வண்டியின் கிழமையே ஒரு நாள் முன்னே போய்விடுகிறது. கிளம்பும் ஊரில் கிழமை மாறாததால், இந்த மாற்றத்தை யாரும் பெரிதாக அறிவிக்க மாட்டார்கள். சனிக்கிழமை வண்டி என்று பல வருடங்களாக மனப்பாடமாகத் தெரிந்தவர்தான் இதில் அகப்படுவார்.

நெடுந்தூர வண்டிகளில் விரல் விட்டு எண்ணுவதே நல்லது. திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அசாமில் கிளம்பி நான்காம் நாளில்தான் கோயம்புத்தூரை எட்டுகிறது. அங்கே சனிக்கிழமை கிளம்பிய வண்டி என்றால், சனி ஒன்று, ஞாயிறு இரண்டு, திங்கள் மூன்று, செவ்வாய் நான்கு. நாள் எண் நான்கு என்றால் கூட்ட வேண்டியது மூன்றுதான், ஏனென்றால் கிளம்பிய நாளே ஒன்று. சனிக்கிழமையோடு நான்கைக் கூட்டிப் புதன் என்று வருவது இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் பிழை. பின்னோக்கிப் போகும்போதும் அப்படியே: கோயம்புத்தூரில் செவ்வாய் ஏறுகிறவர், அதிலிருந்து மூன்று நாளைக் கழித்து, இது சனிக்கிழமை கிளம்பிய வண்டி என்று அறிகிறார்.

திரும்பும் வண்டிக்கு எல்லாவற்றையும் புதிதாக எண்ண வேண்டும். நம் உதாரண வண்டி சனிக்கிழமை 16:00-க்கு நாகர்கோவிலில் கிளம்பித் திருச்சிக்கு 23:20-க்கும், எழும்பூருக்கு ஞாயிறு 04:30-க்கும் வருவதாக வைத்துக்கொள்வோம். போகும்போது இரண்டாம் நாளாக இருந்த திருச்சி, வரும்போது முதல் நாள். போன கணக்கை அப்படியே திருப்பிப் போட்டால் டிக்கெட் ஒரு நாள் தள்ளிப் போய்விடும்.

கிளம்பும் தேதியைத் தெரிந்துகொள்வது வீண் நுணுக்கம் அல்ல. தட்கல் டிக்கெட்டுக்கு அது அவசியம். தட்கல் முன்பதிவு ஒரு நாள் முன்பு திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. ஆனால் அந்த ஒரு நாள், வண்டி முதல் நிலையத்தில் கிளம்பும் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. நீங்கள் ஏறும் தேதியிலிருந்து அல்ல. நம் வண்டியில் திருச்சியில் 15-ஆம் தேதி சனி 03:50-க்கு ஏறுகிறவர், ஒரு நாள் முன்பு என்று 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை கணினி முன் உட்கார்ந்தால் காலம் கடந்துவிட்டது. வண்டி 14-ஆம் தேதி கிளம்புவதால் தட்கல் 13-ஆம் தேதி வியாழக்கிழமையே திறந்துவிட்டது. நான்காம் நாளில் உங்கள் ஊருக்கு வரும் வண்டி என்றால், நீங்கள் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பே திறந்துவிடும். தட்கலில் இடமே கிடைப்பதில்லை என்று சொல்கிறவர்களில் சிலர் உண்மையில் ஒரு நாள் பிந்தி வந்தவர்கள்.

ஆகவே இரவு வண்டிக்கு முன்பதிவு செய்யும்போது ஒரு தாளில் மூன்று தேதிகளை எழுதுங்கள்: வண்டி கிளம்பும் தேதி, நீங்கள் ஏறும் தேதி, இறங்கும் தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிழமையையும் எழுதுங்கள். கிளம்பும் தேதி தட்கலுக்கும் வண்டி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும். ஏறும் தேதி டிக்கெட்டுக்கு. இறங்கும் தேதி அழைத்துப் போக வருகிறவருக்குச் சொல்ல. நீங்கள் ஏறும் நேரம் 00 அல்லது 01, 02, 03 என்று தொடங்கினால், பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை இரவு சாப்பிட்டுவிட்டு வீட்டைப் பூட்டப் போகிறோம்? டிக்கெட்டில் அதற்கு அடுத்த கிழமையின் தேதி இருக்க வேண்டும்.